மெயிலில் ‘அனுப்பவும்’, வாட்ஸ்அப்பில் ‘அனுப்புங்க’

கணக்குப் பிரிவில் இருக்கும் மூத்தவரிடம் ஒரு பில் நகல் வேண்டும். மெயில் என்றால் பொருள் வரி, ‘மதிப்பிற்குரிய ஐயா’, கீழே பெயர் என்று ஒரு சட்டகம் இருக்கும். அதற்குள் “மார்ச் மாத பில்லின் நகலை அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்” என்பது இயல்பாகப் பொருந்தும். ‘அனுப்பவும்’ என்றாலும் தவறில்லை. ஆனால் அதில் அறிவிப்புப் பலகையின் தொனி உண்டு, பலருக்குப் போகும் சுற்றறிக்கைக்கே அது பொருத்தம்.

அதே மனிதர் வாட்ஸ்அப்பில் “எந்த பில் வேணும்?” என்று ஒரு வரியில் கேட்கிறார். அங்கே ‘கேட்டுக்கொள்கிறேன்’ என்றால், என்ன கோபமோ என்று நினைப்பார். “மார்ச் பில் சார், முடிஞ்சா இன்னைக்கே அனுப்புங்க” போதும்.

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். சாட் என்றதும் ‘அனுப்பு’ என்று இறங்கிவிடுகிறார்கள். எழுத்துத் தமிழா பேச்சுத் தமிழா என்பது ஒரு கேள்வி. மரியாதை வேறு கேள்வி. ஊடகம் மாறினால் முதலாவதுதான் மாறும். ‘அனுப்புங்கள்’ என்பது ‘அனுப்புங்க’ ஆகலாம். அந்த ‘ங்க’ போனால் ‘நீங்க’ ‘நீ’ ஆகிவிடும். அதை முடிவு செய்வது உறவு.

கலப்படமும் உறுத்தும். “தாங்கள் அனுப்புன பில் வந்துச்சு” என்பதில் தொடக்கம் மெயில், முடிவு சாட். வினைமுற்றை மட்டும் தனியே வாசித்துப் பார்த்தால் இந்தப் பிசகு தெரிந்துவிடும். மெயிலிலேயே நாலைந்து பதில்கள் போய், அவர் வணக்கத்தை விட்டுவிட்டு “சரிங்க, பாக்கறேன்” என்று எழுதினால், நீங்களும் ‘அனுப்புங்க’வுக்கு வரலாம்.