போகிற வழி உண்டு, திரும்புகிற வழி இல்லை

ஒரு பள்ளியில் புதிதாகக் கம்ப்யூட்டர் லேப் அமைக்கிறார்கள். ஆபீஸ் கணினிகள் 192.168.1 என்று தொடங்கும் முகவரிகளில் இயங்குகின்றன. லேபுக்கு 192.168.2 என்று தனி சப்நெட், புதிய ரவுட்டர், தனி இன்டர்நெட் இணைப்பு. ஆபீஸில் இருக்கும் மதிப்பெண் சர்வரை (192.168.1.50) லேபிலும் பார்க்க வேண்டுமே என்று, புதிய ரவுட்டரிலிருந்து பழைய நெட்வொர்க்குக்கு ஒரு கேபிள் இழுத்து, அந்த முனைக்கு 192.168.1.2 என்று முகவரி தருகிறார்கள். லேபில் இன்டர்நெட் நன்றாக வருகிறது. சர்வர் மட்டும் திறக்கவில்லை.

பலரும் கேபிளைத்தான் சந்தேகிப்பார்கள். ஆனால் லேபிலிருந்து கிளம்பும் பாக்கெட் சர்வருக்குச் சரியாகவே போய்ச் சேருகிறது. சிக்கல் பதிலில் இருக்கிறது. 192.168.2.20-க்குப் பதில் அனுப்ப வேண்டிய சர்வருக்கு அந்த சப்நெட் எங்கே என்று தெரியாது. தெரியாத முகவரிகளை எல்லாம் அது தன் கேட்வேயான பழைய ரவுட்டரிடம் (192.168.1.1) தள்ளிவிடும். அதற்கும் தெரியாததால், அது பதிலை இன்டர்நெட் பக்கம் அனுப்பிவிடும். 192.168 முகவரிகள் தனியார் பயன்பாட்டுக்கு ஒதுக்கப்பட்டவை என்பதால் பொது இணையத்தில் அவற்றுக்குப் பாதை கிடையாது. பதில் அங்கேயே தொலைந்துபோகிறது.

அப்படியானால் இன்டர்நெட் மட்டும் எப்படி வருகிறது? வெளியே போகும் பாக்கெட்டில் லேப் கணினியின் முகவரியை எடுத்துவிட்டு, புதிய ரவுட்டர் தன் பொது முகவரியைப் போட்டு அனுப்புகிறது. இதற்கு 'நாட்' என்று பெயர். வெளியுலகம் அந்தப் பொது முகவரிக்கே பதில் தருவதால், 192.168.2 என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரிய வேண்டியதில்லை. ஆபீஸ் பக்கம் போகும்போது இந்த மாற்றம் நடப்பதில்லை.

உறுதிசெய்ய, லேபிலிருந்து சர்வருக்கு பிங் விட்டபடி, லினக்ஸ் சர்வரில் இதை ஓட்டலாம்:

```
tcpdump -n icmp
```

கேள்வி வந்து பதிலும் கிளம்பினால், குறை திரும்பும் பாதையில். கேள்வி வந்தும் பதில் கிளம்பாவிட்டால், சர்வரின் ஃபயர்வாலைப் பாருங்கள். கேள்வியே வராவிட்டால்தான் புதிய ரவுட்டரையும் கேபிளையும் சோதிக்க வேண்டும்.

தீர்வு ஒரே வரி. 192.168.2.0/24-க்கு வழி 192.168.1.2 என்று பழைய ரவுட்டரில் ஒரு நிலையான ரூட் சேர்த்தால், ஆபீஸ் கணினிகள் எல்லாவற்றுக்கும் அது உதவும். ஆனால் லேபின் கேள்வி பழைய ரவுட்டர் வழியாக வருவதில்லை. பதில் மட்டுமே வருகிறது. கேள்வியைப் பார்க்காத பதிலைச் சில ஃபயர்வால்கள் தடுத்துவிடும். அப்படி நேர்ந்தால் சர்வரிலேயே ரூட்டைச் சேர்க்கலாம்:

```
ip route add 192.168.2.0/24 via 192.168.1.2
```

சர்வரை மறுபடி ஆன் செய்தால் இந்த வரி போய்விடும். அதனால் நெட்வொர்க் அமைப்புக் கோப்பிலும் இதை எழுதிவைத்த பிறகே வேலை முடிந்ததாகக் கொள்ள வேண்டும்.