லாபம் காட்டிய தண்டு

கோவைப் பக்கம் பம்ப் கம்பெனிகளுக்கு உதிரிபாகம் கடைந்து கொடுக்கும் சிறு பட்டறை ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். இரண்டே பிரிவுகள். ஒன்றில் சிஎன்சி லேத், மற்றதில் பிசிறு நீக்கிச் சரிபார்க்கும் கைவேலை. 200 பம்ப் தண்டுகள் கொண்ட ஒரு பேட்சின் காஸ்ட் ஷீட் மேசைக்கு வருகிறது. மூலப்பொருள் 12,000 ரூபாய். வேலை 15 மணி நேரம், மணிக்கு 100 ரூபாய் வீதம் கூலி 1,500. ஓவர்ஹெட் மணிக்கு 300 வீதம் 4,500. மொத்தம் 18,000, தண்டு ஒன்றுக்கு 90 ரூபாய். 100 ரூபாய்க்கு விற்றால் பத்து ரூபாய் லாபம்.

கூட்டலில் பிழை இல்லை. ஆனாலும் இந்தப் பட்டறை ஒவ்வொரு தண்டிலும் நஷ்டப்படுகிறது.

அந்த 300 எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். வாடகை, மின்சாரம், தேய்மானம், பராமரிப்பு, மேற்பார்வையாளர் சம்பளம் எல்லாம் சேர்ந்து மாதம் 2,40,000 ரூபாய். இரண்டு பிரிவுக்கும் சேர்த்து மாதம் 800 மணி நேர வேலை. வகுத்தால் 300. ஆனால் அந்தச் செலவில் 1,80,000 ரூபாய் லேத் பிரிவினுடையது. அது ஓடுவதோ 300 மணி நேரம்தான். அதாவது மணிக்கு 600. கைவேலைப் பிரிவுக்கு 60,000 ரூபாய், 500 மணி நேரம்; மணிக்கு 120. பொதுச் சராசரி போட்டதும் லேத்தின் பாரத்தில் ஒரு பகுதி கைவேலைக்காரர் தலையில் ஏறிவிடுகிறது.

நம் தண்டுக்கான 15 மணி நேரத்தில் 12 மணி நேரம் லேத்தில், 3 மணி நேரம்தான் கைவேலை. பிரிவுவாரி வீதம் போட்டால் ஓவர்ஹெட் 7,200 கூட்டல் 360, ஆக 7,560. பேட்ச் அடக்கம் 21,060. தண்டுக்கு 105 ரூபாய் 30 காசு. பத்து ரூபாய் லாபம் என்று நினைத்த இடத்தில் ஐந்து ரூபாய்க்கு மேல் கைவிட்டுப் போகிறது. இதற்கு நேரெதிராக, கைவேலை மிகுந்த பொருளுக்குத் தாள் அதிக அடக்கம் காட்டும். விலை கூடுதல் என்று அந்த ஆர்டர் வேறு பட்டறைக்குப் போகும். நஷ்டம் தரும் ஆர்டர் தேடி வரும், லாபம் தரக்கூடியது நழுவும். 1901இலேயே ஹாமில்டன் சர்ச் என்ற ஆங்கிலேயப் பொறியாளர், ஒரே சதவீதத்தை எல்லா வேலைக்கும் பூசுவதைக் கண்டித்து, ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தனி வீதம் வேண்டும் என்று எழுதினார். நூறாண்டு தாண்டியும் பல பட்டறைகள் பழைய வழியிலேயே போகின்றன. ஒரே எண் என்றால் தாள் எழுதுவது சுலபம்.

அடுத்துப் பார்க்க வேண்டியது செட்டிங் நேரம். லேத்தின் 12 மணி நேரத்தில் 2 மணி நேரம் டூல் மாற்றி, அளவு பிடித்து, முதல் தண்டைச் சரிபார்ப்பதற்கானது. கூலியும் ஓவர்ஹெட்டும் சேர்ந்து அதன் விலை 1,400 ரூபாய். 200 தண்டுகளில் பரவும்போது தலைக்கு 7 ரூபாய். அதே வாடிக்கையாளர் 40 தண்டு மட்டும் கேட்டால் தலைக்கு 35 ரூபாய். அடக்கம் 133 ரூபாய் 30 காசுக்குத் தாவும். போன தடவை தாளைப் பார்த்து அதே விலைக்கு ஒப்புக்கொள்வதுதான் வழக்கமான விபத்து. கடைசியில் எந்த எண்ணால் வகுத்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 200இல் 8 தண்டு கழிவானால் 192ஆல் வகுக்க வேண்டும். அடக்கம் 109 ரூபாய் 69 காசு ஆகும். இரும்புத்தூளும் கழிவும் விற்ற காசு அதில் கொஞ்சம் குறைக்கும்.

இனி வீதமே சரியா என்பது. மாதக் கடைசியில் எல்லாத் தாள்களிலும் உள்ள லேத் மணிகளைக் கூட்டி 600ஆல் பெருக்கி, உண்மைச் செலவோடு ஒப்பிட வேண்டும். 240 மணி நேரம்தான் ஓடியது என்றால் தாள்கள் சுமந்தது 1,44,000; மிச்சம் 36,000 ரூபாய் யார் கணக்கிலும் ஏறவில்லை. உடனே வீதத்தை 750 ஆக்கத் தோன்றும். ஆக்கினால் விலை ஏறும், ஆர்டர் குறையும், மணிகள் இன்னும் குறையும், வீதம் மறுபடி ஏறும். ஓடாத இயந்திரத்தின் செலவை ஓடியதன் பொருள்மீது ஏற்றக் கூடாது என்று 1915இல் ஹென்றி காண்ட் வாதிட்டார். இந்தியாவின் ஏஎஸ் 2 கணக்கியல் தரமும் நிலையான உற்பத்தி மேற்செலவை வழக்கமான உற்பத்தித் திறனை வைத்தே பங்கிடச் சொல்கிறது; உற்பத்தி குறைந்ததால் மிஞ்சுவது அந்தக் காலத்தின் செலவாக லாப நஷ்டக் கணக்குக்குப் போகும்.

அதே லேத் 300 மணி நேரமும் ஓடி, செலவு மட்டும் 1,95,000 ஆகியிருந்தால் கதை வேறு. அந்த 15,000 ரூபாய் மின்கட்டணம் ஏறியதாலா, ஒரே தடவை வந்த பழுதாலா என்று பில்களைப் புரட்ட வேண்டும். கட்டணம் நிரந்தரமாக ஏறியிருந்தால் மட்டுமே 600 என்ற எண்ணை மாற்ற வேண்டியிருக்கும்.