கூட்டுத்தொகை ஏன் மாறவில்லை?

எக்செல் வழக்கமாகத் தானியங்கி முறையில் இயங்குகிறது. ஒரு எண்ணைத் திருத்தியதும் அதை நம்பியிருக்கும் கூட்டுத்தொகையும் மாறிவிடும். கைமுறைக் கணக்கீடு என்று இன்னொரு முறையும் அதில் உண்டு. பல்லாயிரம் சூத்திரங்கள் உள்ள கோப்பில் ஒவ்வொரு பதிவுக்கும் காத்திருக்க வேண்டாம் என்பதற்காக வந்த வசதி அது. கேட்டால்தான் கணக்குப் போடும். கேட்காதவரை பழைய விடையே நிற்கும்.

மூன்று கிளைகளின் விற்பனை B2, B3, B4 கட்டங்களில் 12,000, 30,500, 26,000 என்று இருக்கிறது. B5-இல் கூட்டுத்தொகை 68,500. முதல் கிளையின் தொகை 21,000 என்று திருத்தப்படுகிறது. கூட்டுத்தொகை 77,500 ஆக வேண்டும், ஆனால் 68,500 அப்படியே இருக்கிறது. சூத்திரத்தில் பிழை இல்லை. அடுத்த பத்தியில் ஐந்து விழுக்காடு கமிஷனுக்கு `=B2*0.05` என்று எழுதிக் கீழே இழுத்தால் மூன்று வரிசையிலும் 1,050 என்றே வரும். இது தெளிவான அடையாளம். கீழே நிலைப்பட்டையில் `Calculate` என்ற சொல்லும் தெரியும். அதை யாரும் பார்ப்பதில்லை என்பதுதான் சிக்கல்.

F9 அழுத்தினால் எண்கள் சரியாகும். `Formulas` பட்டியில் `Calculation Options` சென்று `Automatic` தேர்ந்தெடுப்பதே நிரந்தர வழி.

யாரும் மாற்றாமலே இந்த முறை எப்படி வந்தது? அமைப்பு கோப்போடு சேமிக்கப்படுகிறது, ஆனால் திறந்திருக்கும் எக்செல் முழுமைக்கும் பொருந்துகிறது. முதலில் திறக்கும் கோப்பு கைமுறையில் சேமிக்கப்பட்டிருந்தால், பின்னால் திறப்பவையும் கைமுறைக்குப் போகும். அவற்றைச் சேமித்தால் அந்த அமைப்பு அவற்றிலும் ஏறிவிடும். வேகத்துக்காகக் கைமுறைக்கு மாற்றிய மேக்ரோ பாதியில் நின்றுபோனாலும் இதே கதைதான். சேமிக்கும்போது கணக்கிடும் விருப்பம் வழக்கமாக இயங்கும் என்பதால், சேமித்த கோப்பு சரியாகவும், சேமிக்கும் முன் எடுத்த அச்சுப்படி தவறாகவும் இருக்கக்கூடும்.

வேறு கோப்பிலிருந்து எண் எடுக்கும் இணைப்புகளின் கதை வேறு. `='[Sales.xlsx]Sheet1'!$B$5` என்ற சூத்திரம் கடைசியாகப் பெற்ற மதிப்பைத் தன் கோப்பிலேயே வைத்திருக்கிறது. திறக்கும்போது வரும் கேள்விக்கு `Don't Update` என்று பதில் கொடுத்தால் அந்தப் பழைய மதிப்பே தெரியும். மூலக்கோப்பு மூடியிருக்கும்போது F9 அதைத் தேடிப் போவதில்லை. `Data` பட்டியில் `Edit Links` சென்று (புதிய பதிப்புகளில் `Workbook Links`) புதுப்பிக்க வேண்டும்.

அப்போதும் வருவது மூலக்கோப்பில் சேமித்திருக்கும் மதிப்புதான். அது 68,500 என்றே சேமிக்கப்பட்டிருந்தால் இணைப்பும் அதையே கொண்டுவரும். அதனால் மூலக்கோப்பைத் திறந்து F9 அழுத்திச் சேமித்த பிறகே இணைப்பைப் புதுப்பிப்பது சரியான வரிசை.