டிஸ்க்கின் உடல்நிலையை மறைக்கும் பெட்டி

பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றிய எஸ்எஸ்டியை ஒரு யூஎஸ்பி என்க்ளோஷரில் போட்டு, பேக்கப் எடுக்கப் பயன்படுத்துகிறோம் என்று வைத்துக்கொள்வோம். லேப்டாப்பில் நொடிக்கு 500 மெகாபைட் வேகத்தில் படித்த அது, இப்போது 40 மெகாபைட்டைத் தாண்டாமல் நிற்கலாம். ஆரோக்கியத்தைக் காட்டும் மென்பொருளில் அதன் பெயரே வராமலும் போகலாம். டிஸ்க்கில் எந்தக் கோளாறும் இல்லாதபோதும் இப்படி நடக்கும். காரணம், பெட்டிக்குள் இருக்கும் பிரிட்ஜ் என்ற சிறு சில்லு.

சாட்டா டிஸ்க்குக்கு ஏடிஏ கட்டளைகள்தான் புரியும். யூஎஸ்பி வழியாகக் கணினி அனுப்புவதோ ஸ்கஸி கட்டளைகள். நடுவில் துபாஷி வேலை பார்ப்பது பிரிட்ஜ். 'படி', 'எழுது' போன்ற கட்டளைகளுக்கு இரு பக்கமும் நேரான இணை உண்டு என்பதால், கோப்புகள் தடையில்லாமல் போய்வருகின்றன. ஸ்மார்ட் எனப்படும் உடல்நிலைக் குறிப்புக்கு அப்படி நேரான இணை இல்லை. அதைக் கேட்கும் ஏடிஏ கட்டளையை ஸ்கஸி உறைக்குள் வைத்து அப்படியே கடத்த வேண்டும். இதற்கான பொது நெறி 'சாட்'. இதைப் பின்பற்றாத பிரிட்ஜ், கட்டளையை மறுத்துவிடும். சில பழைய சில்லுகள் தங்களுக்கென்று தனி வழி வைத்திருந்தன. அந்த வழி தெரிந்த மென்பொருளுக்கு மட்டுமே பதில் கிடைக்கும்.

லினக்ஸில் `smartctl` சில சமயம் `Unknown USB bridge` என்று சொல்லி நின்றுவிடும். உடனே கைவிட வேண்டாம். சாட் முறையில் கேட்கும்படி நாமே சொல்லலாம்:

```
sudo smartctl -d sat -a /dev/sdb
```

`sdb` என்ற இடத்தில் உங்கள் டிஸ்க்கின் பெயர் வரவேண்டும். ஹார்ட் டிஸ்க் என்றால் வரும் அட்டவணையில் 5, 197 ஆகிய எண்ணுள்ள வரிகளின் கடைசிப் பத்தியைப் பாருங்கள். 5 என்பது பழுதானதால் மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டார்கள். 197 என்பது படிக்க முடியாமல் முடிவுக்குக் காத்திருக்கும் செக்டார்கள். இவை பூஜ்யத்திலிருந்து ஏறிக்கொண்டே போனால், கோப்புகள் திறக்கும்போதே வேறு இடத்துக்கு நகல் எடுத்துவிட வேண்டும். பெட்டி மறைப்பது இந்த எச்சரிக்கையைத்தான்.

அடுத்தது வேகம். 40 மெகாபைட்டிலேயே நின்றால், இணைப்பு யூஎஸ்பி 2.0 ஆகத்தான் அமைந்திருக்கிறது. அதன் வேகம் நொடிக்கு 480 மெகாபிட்; நடைமுறையில் 35 முதல் 40 மெகாபைட் வரைதான் தேறும். போர்ட் பழையதாக இருக்கலாம். கேபிளும் காரணமாகலாம்: சார்ஜருடன் வரும் டைப்-சி கேபிள்கள் பலவற்றில் யூஎஸ்பி 2.0க்கான கம்பிகள் மட்டுமே உண்டு. 5 கிகாபிட் இணைப்பு சரியாக அமைந்தால் 400 மெகாபைட்டுக்கு மேல் எதிர்பார்க்கலாம்.

இணைப்பு சரியாக இருந்தும் ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளை நகலெடுக்கும்போது எஸ்எஸ்டி திணறினால், பழைய கடத்தல் முறையைச் சந்தேகிக்கலாம். அந்த முறையில் ஒரு நேரத்தில் ஒரே கட்டளைதான். கட்டளை போய், தரவு வந்து, 'முடிந்தது' என்ற பதிலும் வந்த பிறகே அடுத்த கட்டளை கிளம்பும். 2009இல் வந்த யூஏஎஸ்பி இந்தக் காத்திருப்பை நீக்கியது. பல கட்டளைகளைச் சேர்த்து அனுப்பலாம். டிஸ்க் தனக்குத் தோதான வரிசையில் முடித்துத் தரும். சாட்டா டிஸ்க்குகளால் 32 கட்டளைகள் வரை வரிசையில் வைத்துக்கொள்ள முடியும். அந்தத் திறன் யூஎஸ்பி வழியாகவும் பயன்படுகிறது. எஸ்எஸ்டிக்கு இது பெரிய லாபம். பெரிய வீடியோவை ஹார்ட் டிஸ்க்கில் எழுதும்போது வித்தியாசம் அதிகம் தெரியாது. அங்கே டிஸ்க்கே மெதுவானது.

யூஏஎஸ்பி வேலை செய்ய பெட்டி, கணினி இரண்டும் அதை ஆதரிக்க வேண்டும். விண்டோஸில் 8ஆம் பதிப்பிலிருந்து இது இருக்கிறது. லினக்ஸில் `lsusb -t` கொடுத்தால் `Driver=uas`, `5000M` என்று வரவேண்டும். `usb-storage` என்றால் பழைய முறை. `480M` என்றால் யூஎஸ்பி 2.0.

ஆனால் யூஏஎஸ்பி இருக்கிறது என்பதற்காக ஸ்மார்ட்டும் தெரியும் என்று நம்பிவிடக் கூடாது. இரண்டும் தனித்தனி. சீகேட்டின் யூஎஸ்பி பெட்டிகளில் இந்தக் கடத்தல் சரியாக இயங்குவதில்லை என்று கருதி, லினக்ஸின் `uas` டிரைவர் ஏடிஏ கட்டளைகளை அவற்றுக்கு அனுப்பாமல் தடுத்து வைத்திருக்கிறது. பழைய முறைக்கு மாற்றினால் சில பெட்டிகளில் உடல்நிலை தெரியவரும்; பதிலுக்கு யூஏஎஸ்பி தந்த வேகத்தை இழக்க வேண்டும்.

ஆகவே புதுப் பெட்டி வாங்கினால், திருப்பிக் கொடுக்க அவகாசம் இருக்கும்போதே இரண்டையும் சோதித்துவிடுங்கள். பழைய பெட்டி உடல்நிலையைக் காட்ட மறுத்தால், அவ்வப்போது டிஸ்க்கைக் கழற்றி, கணினியின் சாட்டா போர்ட்டில் நேராக இணைத்துப் பாருங்கள். அதுவரை உங்கள் கோப்புகளின் ஒரே பிரதியை அந்தப் பெட்டியில் வைக்காதீர்கள்.