எஃப்.டி வட்டியில பேங்க் கைவைக்குதா?

அத்திப்பட்டு அனல்மின் நிலையத்துல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர் நீங்கள்னு வச்சுக்குவோம். வயசு 62. வந்த பணத்துல 15 லட்சத்தை 7 சதவிகித வட்டிக்கு எஃப்.டி போட்டீங்க. மூணு மாசத்துக்கு 26,250 ரூபாய் வரணும். ஆனா கணக்குல ஏறினது 23,625. மீதி எங்கே?

2025-26 நிதியாண்டு விதிப்படி, மூத்த குடிமக்களுக்கு ஒரே வங்கியில் வருட வட்டி 1 லட்சத்தைத் தாண்டினால் 10 சதவிகிதம் டி.டி.எஸ் பிடிப்பார்கள் (60 வயதுக்குக் கீழே வரம்பு 50,000). உங்கள் வட்டி 1,05,000. தாண்டிய 5,000-க்கு மட்டும்தானே என்று நினைக்காதீங்க. மொத்த வட்டிக்கும் பிடித்தம் உண்டு. 10,500 போக, வருடத்துக்குக் கையில் நிற்பது 94,500. அதாவது, 7 சதவிகிதம் 6.3 ஆகிவிடுகிறது. பான் எண் கொடுக்காவிட்டால் பிடித்தம் 20 சதவிகிதம், கையில் 84,000தான். கிளை மாற்றிப் பிரித்துப் போட்டாலும் ஒரே வங்கி என்றால் சேர்த்துத்தான் கணக்கு.

பென்ஷனும் வட்டியும் சேர்த்தும் வரி வராது என்றால், ஏப்ரலிலேயே அதற்கான உறுதிமொழிப் படிவத்தை வங்கியில் கொடுத்துவிடுங்கள். முழு வட்டியும் வரும். மறந்துட்டீங்களா? பிடித்த பணம் வரிக் கணக்கில் உங்கள் பெயரில் இருக்கும். ரிட்டர்ன் தாக்கல் செய்தால்தான் திரும்பக் கிடைக்கும்.