கிணற்று நீரில் சவுக்காரம் திரைவதன் காரணம்

விருதுநகர், சாத்தூர், சிவகாசிப் பக்கத்துக் கரிசல் நிலங்களில் வெட்டப்பட்ட கிணறுகள் பலவற்றின் நீரில் சவுக்காரம் எளிதில் நுரைப்பதில்லை. கரிசலின் அடியில் சுண்ணாம்புக் கற்கள் விரவிக் கிடக்கின்றன. பந்தல்குடியில் சுண்ணாம்புக் கல் வெட்டியே எடுக்கப்படுகிறது. பூமியில் இறங்கும் மழைநீர் இச்சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொண்டே கிணற்றை அடைகிறது.

சவுக்காரமென்பது எண்ணெயின் அமிலம் சோடியத்துடன் சேர்ந்த உப்பு. அது நீரில் கரையும். ஆனால் நீரிலுள்ள கால்சியம் சோடியத்தை விலக்கி அவ்விடத்தைப் பற்றிக்கொண்டால், கரையாத கால்சியச் சவுக்காரம் உண்டாகிறது. வாளியின் விளிம்பில் படியும் ஏடும், துணியில் ஒட்டும் பிசுபிசுப்பும் இதுவே. பட்டாசுத் தொழிலாளரின் உடையிலுள்ள கரியும் அலுமினியப் பொடியும் இவ்வேட்டில் சிக்கித் துணியிலேயே மீண்டும் படிகின்றன. தேய்க்கத் தேய்க்க வெள்ளைத்துணி சாம்பல் நிறமாவதன் மர்மம் இதுதான்.

கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிட்டு லிட்டருக்கு 500 மில்லிகிராம் கடினமுள்ள நீர், லிட்டர் ஒன்றுக்கு ஏறக்குறைய 3 கிராம் சுத்த சவுக்காரத்தை வீணாக்கும். 20 லிட்டர் வாளிக்கு 60 கிராம்! அவ்வளவும் திரைந்து முடிந்த பிறகே நுரை நிற்கும். அழுக்கு அதன் பின்னரே அகலும்.

அதே வாளிக்கு நீரற்ற சலவைச் சோடாத் தூள் சுமார் 11 கிராம், அல்லது படிகச் சோடாவானால் 29 கிராம் போதும். இதனைச் சவுக்காரத்துக்கு முன்பே கரைத்து நன்கு கலக்கி, சில மணி நேரம் அசையாமல் வைத்தல் வேண்டும். கால்சியம் சுண்ணமாகி அடியில் தங்கும். தெளிந்த நீரை மட்டும் மொண்டுகொள்ளலாம். முன்னரே துணியை வெறும் நீரில் ஒரு முறை அலசிப் பொடியைப் போக்கியிருத்தல் நலம். சோடாவைப் பின்னர் இட்டால், திரைந்த ஏட்டைக் கரைப்பது அரிது. அளவு சரிதானா என்பதை அறிய, தெளிநீரைச் சிறு சீசாவில் எடுத்துச் சவுக்காரச் சீவல் இட்டுக் குலுக்குக. நுரை நிலைத்து நீர் பால்போலத் திரையாதிருப்பின் சரி. கொதிக்கவைத்தல் ஒருவகைக் கடினத்தையே நீக்கும். ஜிப்சம் முதலிய சல்பேட்டுகளால் வந்த கடினம் அதனால் போகாது.

இக்காலத்துச் சலவைத் தூள்கள் வேறு வழியில் செல்கின்றன. அவற்றில் எண்ணெய் அமிலத்துக்குப் பதிலாக ஸல்போனேட் என்னும் தொகுதி அமைந்துள்ளது. இதற்கான மூலப்பொருளான லீனியர் ஆல்கைல் பென்ஸீன் சென்னை மணலியில் உற்பத்தியாகிறது. ஸல்போனேட்டுடன் கால்சியம் சேர்ந்தாலும் அவ்வுப்பு சவுக்காரத்தினதைவிட மிக நன்றாகக் கரைகிறது. ஆகையால் ஏடு கட்டுவதில்லை. எனினும் மிகக் கடின நீரில் தூளைக் குறைத்திட்டால் அதுவும் சற்றே கலங்கி வலிமை குன்றும். தூளோடு சோடா முதலியன சேர்ப்பது இதற்காகவே.

சோடா இட்ட கழிவுநீரைத் தோட்டத்தில் தொடர்ந்து பாய்ச்சலாகாது. அதிலுள்ள சோடியம் கரிசலின் களிமண்ணைப் பிரித்து, நீர் இறங்காதபடி இறுகச் செய்யும்.