போனில் காசு இருக்கிறது, நெட் மட்டும் இல்லை

மாட்ரிட் அல்லது பார்சிலோனாவில் புதிதாக வந்து இறங்குபவர்கள் சிம் வாங்கப் பெரிய ஷோரூம்களைத் தேடிப் போக வேண்டியதில்லை. வெளிநாட்டவர் அதிகம் வாழும் தெருக்களில் 'லொகுத்தோரியோ' என்ற சிறு கடைகள் உண்டு. வெளிநாட்டுக்குப் போன் பேசவும் ஊருக்குப் பணம் அனுப்பவும் தொடங்கப்பட்டவை இவை. இப்போது சிம் விற்பதும் ரீசார்ஜ் செய்வதும் இவற்றின் முக்கிய வேலையாகிவிட்டது.

கடைக்குப் பாஸ்போர்ட்டோடு போக வேண்டும், நகல் போதாது. 2004 மார்ச்சில் மாட்ரிட் ரயில்களில் வெடித்த குண்டுகளை இயக்கக் கைபேசிகள் பயன்பட்டன. பிறகு 2007இல் வந்த சட்டப்படி, ப்ரீபெய்டு சிம் வாங்குபவரின் அடையாளத்தைக் கடைக்காரர் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். பாஸ்போர்ட் கேட்காமல் சிம் தருகிறார் என்றால் அது வேறு யார் பெயரிலோ பதிவான சிம்மாக இருக்கலாம். அதை வாங்காதீர்கள்.

கேட்க வேண்டியது இது: "கியேரோ உனா தர்ஹேத்தா சிம் தே ப்ரேபாகோ." ப்ரீபெய்டு சிம் ஒன்று வேண்டும் என்று பொருள். அடுத்து டேட்டா. அதற்கு 'தாத்தோஸ்' என்று பெயர். எத்தனை ஜிபி என்று கேட்க "குவாந்தோஸ் ஹீகாஸ்?" என்றால் போதும். கடைக்காரரும் 'ஹீகாஸ்' என்றுதான் சொல்வார். ஜிபியைத்தான் சொல்கிறார் என்று பிடித்துக்கொள்ளுங்கள்.

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இதற்குப் பிறகுதான். ஸ்பெயின் ப்ரீபெய்டில் இரண்டு கணக்குகள் தனித்தனியாக ஓடுகின்றன. ஒன்று 'சால்தோ', அதாவது சிம்மில் இருக்கும் காசு. மற்றொன்று 'போனோ', அந்தக் காசைக் கொடுத்து வாங்கும் டேட்டா பேக். 'ரெகார்கா' என்ற டாப்-அப் செய்தால் பொதுவாக ஏறுவது சால்தோதான். பேக் தானாக வந்துவிடாது. நம் ஊரில் ஒரு தொகைக்கு ரீசார்ஜ் செய்த உடனே பேக்கும் கிடைத்துவிடுவதால், இந்த வித்தியாசம் நமக்குச் சட்டென்று பிடிபடுவதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10 யூரோ போனோ, 28 நாள் செல்லுபடி. மார்ச் 1ஆம் தேதி தொடங்கினால் 28ஆம் தேதியோடு முடியும். 29ஆம் தேதி அது தானாகப் புதுப்பிக்கப்பட வேண்டும் என்றால் அன்று சால்தோவில் 10 யூரோ இருந்தாக வேண்டும். நீங்கள் 27ஆம் தேதி 5 யூரோவுக்கு மட்டும் டாப்-அப் செய்திருந்தால், 'சால்தோ இன்சுஃபிசியென்தே' என்று குறுஞ்செய்தி வரும். காசு போதவில்லை என்று அர்த்தம். அதன்பின் சில நிறுவனங்கள் நெட்டை நிறுத்திவிடும். சில, பேக் இல்லாத விலையில் அந்த 5 யூரோவிலிருந்தே கழிக்கத் தொடங்கும். இரண்டாவதுதான் மோசம்; வரைபடத்தைத் திறந்து வழி பார்ப்பதற்குள் காசு கரைந்துவிடும். அந்தக் குறுஞ்செய்தியைக் கண்டால் முதலில் மொபைல் டேட்டாவை அணையுங்கள். மீதி 5 யூரோவையும் ஏற்றுங்கள். பிறகு நிறுவனத்தின் ஆப்பில் போனோவை ஆக்டிவேட் செய்து, அது வந்துவிட்டதா என்று பார்த்த பின்பே டேட்டாவைப் போடுங்கள்.

டாப்-அப்புக்கு லொகுத்தோரியோ, சூப்பர் மார்க்கெட், 'எஸ்தாங்கோ' எனப்படும் புகையிலைக் கடை என்று பல இடங்கள் உண்டு. "ரெகார்கார் தியெஸ் ஏவுரோஸ்" என்றால் பத்து யூரோ ரீசார்ஜ். நம்பரைக் காகிதத்தில் எழுதிக் காட்டுவது நல்லது. ஒரு இலக்கம் தவறினாலும் காசு முன்பின் தெரியாதவர் போனுக்குப் போய்விடும். திரும்பப் பெறுவது கடினம். ரசீதை வாங்கி, அதிலுள்ள ஒன்பது இலக்கங்களையும் அங்கேயே சரிபாருங்கள்.

ஒரு வருடத்துக்கு மேல் தங்குபவர்கள் 'கொன்த்ராத்தோ', அதாவது மாதப் பில் வரும் ஒப்பந்தம் பற்றி யோசிக்கலாம். 28 நாள் பேக்கை வருடத்தில் 13 முறை புதுப்பிக்க வேண்டும். மேலே சொன்ன விலையில் 130 யூரோ. அதே விலையில் மாத ஒப்பந்தம் கிடைத்தால் 120 யூரோதான். ஆனால் அதற்குப் பொதுவாக அந்நாட்டு வெளிநாட்டவர் அடையாள எண்ணும் வங்கிக் கணக்கும் கேட்பார்கள். கையெழுத்திடும் முன் ஒரே ஒரு கேள்வி அவசியம்: "தியேனே பெர்மனென்சியா?" குறைந்தபட்ச காலக் கட்டுப்பாடு உண்டா என்று கேட்கிறீர்கள். தவணையிலோ தள்ளுபடியிலோ போன் சேர்த்துக் கொடுக்கும் ஒப்பந்தங்களில் 12 அல்லது 24 மாதம் என்று இது இருக்கும். இடையில் விலகினால் அபராதம் கட்ட வேண்டும். படிப்போ வேலையோ ஒன்பது மாதத்தில் முடிகிறவர், 'சின் பெர்மனென்சியா' என்று எழுதியிருப்பதை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும். ஊர் திரும்பும்போது சிம்மைத் தூக்கிப் போட்டால் ஒப்பந்தம் முடிந்துவிடாது. 'பாஹா' கொடுத்து, அதாவது இணைப்பை ரத்து செய்யச் சொல்லி, அதற்கான உறுதிச் சான்றைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். அது வரும்வரை வங்கிக் கணக்கை மூடாமல் வைத்திருங்கள்.